அறுபது வாசலுக்கு ஒரு செருப்பு

காளவாசலில் இருபத்தாறு வருடமாகச் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். பெயர் நாகசுப்பிரமணியன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம், கடையில் நான் சண்டை போடுவது மதுரைத் தமிழ். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும். அதிலும், தேய்ந்து வழவழவென்று ஆன ரப்பர் செருப்போடு மழையில் வந்து நின்று, "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

போன ஐப்பசியில் செல்லக்கிளி அப்படித்தான் வந்தார். நாற்பது வயது இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், விடியக்காலை டவுன்பஸ் பிடித்து வருகிறவர். தோளில் ஒரு பை, கையில் டார்ச் லைட்டும் நீண்ட கைப்பிடி வைத்த அகப்பையும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மழை தொடங்கிவிட்டால் மூன்று மாதத்துக்கு அந்த வேலைதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு.

கடை வாசல் டைல்ஸில் கால் வைத்ததும் சர்ரென்று வழுக்கி, ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே, "ரப்பர் செருப்பு ஏழாம் நம்பர் இருக்காண்ணே?" என்றார்.

"ஏம்மா, இப்பத்தான் உயிர் தப்பிச்சு உள்ள வந்துருக்க. திரும்பவும் அதே எழவுதான் வேணுமா?"

அவர் சிரித்தார். "ரெண்டு தடவ ஏற்கெனவே விழுந்தாச்சுண்ணே."

உட்கார வைத்து விசாரித்தேன். விழுந்தது ஒரு பக்கம் என்றால், குதிகால் வலி இன்னொரு பக்கம். காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது உயிர் போகுமாம். பகலிலும் நொண்டுகிறார். மேஸ்திரி ராஜபாண்டி, "நொண்டிக்கிட்டு அறுபது வீடு எப்படிப் பாப்பீங்க? இந்த மாசக் கடைசியில நானே கூட வந்து பாக்குறேன். முடியலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டாராம்.

அவருடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வரி என்று ஒன்றுகூட மிச்சமில்லை. தரையில் நிற்கிற தண்ணீர் ஒதுங்கி ஓட வரிப் பள்ளம் வேண்டும். இல்லாவிட்டால் செருப்பு தண்ணீர் மேல்தான் நிற்கும், தரையில் நிற்காது. அப்புறம் அவர் பாதத்தை நனைத்து, பழைய பேப்பர் மேல் வைக்கச் சொன்னேன். நடுவில் பள்ளம் விழ வேண்டிய இடத்திலும் ஈரம் அப்படியே அப்பியிருந்தது. தட்டைப் பாதம். தட்டைச் செருப்பு அதைத் தாங்காது. போதாததற்கு, கழன்று போகாமல் இருக்க விரல்கள் செருப்பை நாள் முழுக்கக் கவ்விக்கொண்டே இருக்கும். உள்ளங்கால் நரம்பு இழுபட்டு இழுபட்டுக் குதிகாலில் வலிக்காமல் என்ன செய்யும்?

ரேக்கிலிருந்து ஒரு மூடின சாண்டல் எடுத்தேன். முன்பக்கம் விரலை மூடும், தண்ணீர் வடியப் பக்கத்தில் ஓட்டை, குதிகாலைச் சுற்றிப் பக்கிள் வைத்த பின்பட்டை. அடி மெத்து ரப்பர், நகத்தால் அழுத்தினால் அமுங்கும். உள்ளே பாதத்தின் வளைவைத் தாங்க ஒரு மேடு. வளைத்தால் விரல் பக்கம் மட்டும் வளையும், நடுவில் மடங்காது.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா எனக்கு ஆகாது. நான் எம்புட்டு வீடு ஏறி எறங்குறேன்..."

"ஆகும். இருபத்தாறு வருசமா நான் என்ன முறுக்கா சுட்டு விக்கிறேன்?"

பேச விடாமல் போட்டுவிட்டு அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை. வீட்டில் மீனலோசனியிடம்கூடச் சொன்னேன். "அந்தம்மா சொல்ல வந்ததக் கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

ஆறாம் நாள் செல்லக்கிளி மறுபடி வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. சாண்டலின் பின்பட்டை இரண்டும் மிதிபட்டு, அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தன. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"பட்டைய மிதிச்சு நடந்தா விழாம என்ன பண்ணும்? மாட்ட வேண்டியத மாட்டாம, செருப்பு மேல பழியா?"

அவர் கோபப்படவில்லை. "பழி சொல்ல வரலண்ணே. ஒரு நாள் என் கூட நடந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. மறுநாள் மீனலோசனியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, அதே மாதிரி பக்கிள் வைத்த சாண்டல் போட்டுக்கொண்டு, குடையோடு கிளம்பினேன். நல்ல மழை.

முதல் வீட்டு வாசலில் குனிந்து பக்கிளைக் கழற்றினேன். உள்ளே போய்த் திரும்பி வந்து, குனிந்து மாட்டினேன். இரண்டாவது வீடும் அப்படியே. யார் வீட்டுக்குள் செருப்போடு போக முடியும்? மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்த பெண்மணி, "சீக்கிரம் வாங்க, அடுப்புல பால் இருக்கு" என்றார். நான் ஒரு கையில் குடையும் மறு கையில் பக்கிளுமாக ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தேன். ஏழாவது வீட்டில் இடுப்பு பிடித்தது. பதினோராவது வீட்டில் பின்பட்டையை மிதித்துக்கொண்டு நடந்தேன். இருபத்தாறு வருடமாகச் செருப்பு விற்கிறவன் நான்தான். பதினாலாவது வீட்டுச் சரிவில் குதிகால் பக்கவாட்டில் நழுவி, குடை ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தேன்.

செல்லக்கிளி ஓடிவந்து தூக்கினார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா. நீ சொன்னத நான் காது குடுத்துக் கேக்கல" என்றேன். என் வாயிலிருந்து அப்படி வருவது எனக்கே புதிது.

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் காலில் அந்தப் பழைய ரப்பர் செருப்புதான். அதை வைத்துக்கொண்டு அவர் சமாளித்த விதத்தை என்னவென்று சொல்வேன். அடியைச் சின்னதாக வைத்தார். குதிகாலைக் குத்தாமல் பாதத்தை முழுசாகப் பதித்தார். கிரானைட் படி என்றால் ஓரச் சுவரில் ஒரு கை. பாசி பிடித்த இடத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்து ஒதுங்கினார். மொட்டைமாடி ஏணியில் வெறுங்காலோடு ஏறி, டார்ச் அடித்து, அகப்பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு, ஒரே பார்வையில் "புழு இருக்குக்கா, தொட்டியத் தேச்சுக் கழுவுங்க" என்றார். வலிக்கிற காலோடு அறுபது வீடு. நான் முப்பதிலேயே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். மிச்சத்தையும் முடித்துவிட்டு அவரும் அங்கே வந்தார்.

"பட்டை வேணும்ணே. மாட்டுன அன்னைக்கு முதல் பத்து வீடு வலியே தெரியல. ஆனா குனியக் கூடாது" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

"ஒட்டுற பட்டை போடுவமா?"

"சேறு புகுந்தா ரெண்டு நாள்ல ஒட்டாதுண்ணே. எங்க ஆள் ஒருத்தி போட்டுப் பாத்துட்டா." கொஞ்சம் யோசித்தார். "பாவாடைக்கு எலாஸ்டிக் போடுறமே, அந்த மாதிரி அகலமா பின்னாடி இருந்தா? காலத் திணிச்சா அதுவா ஏறிக்கிரணும். பின்னால ஒரு சின்னக் காது வச்சா, ஒத்த விரல்ல இழுத்து விட்டுக்கிருவேன்."

எனக்குச் சுரீரென்றது. எத்தனையோ கம்பெனிக்காரன் என் கடைக்கு வந்து கேட்லாக் விரித்திருக்கிறான். ஒருத்தனும் ஒரு நாளைக்கு அறுபது வாசலில் செருப்பு கழற்றுகிற காலைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

கடைக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற முத்திருளனிடம் நேராகப் போனோம். செல்லக்கிளி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சாண்டலில் மிதிபட்ட பட்டையை அவர் வெட்டி எடுத்துவிட்டு, பையில் வைத்துத் தைக்கிற கெட்டி எலாஸ்டிக்கை இரண்டு விரல் அகலத்துக்கு வைத்தார். முதல் தையல் லூசு, பட்டை நழுவியது. இரண்டாவது இறுக்கம், குதிகாலை அறுத்தது. செல்லக்கிளி மூன்று தடவை பிரிக்கச் சொன்னார். "ஏம்மா, நீ எனக்கே தொழில் சொல்லித் தருவ போல" என்று முத்திருளன் முணுமுணுத்தார். நான் அவரை ஒரு முறை முறைத்தேன். நாலாவது தையலில் சரியாக உட்கார்ந்தது.

மாசக் கடைசியில் ராஜபாண்டி சோதிக்க வந்த நாள், அவர்கள் போனது எங்கள் தெரு. எனக்கு முன்கூட்டித் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை கொட்டுகிறது. செல்லக்கிளி ஒவ்வொரு வாசலிலும் நின்ற வாக்கில் காலை உருவுகிறார், திரும்பி வந்து திணிக்கிறார், ஒரு விரலால் ஓர் இழுப்பு, நடந்துவிடுகிறார். நொண்டல் இல்லை. பின்னால் ராஜபாண்டி, பேன்டை மடித்துவிட்டு ரப்பர் செருப்பில் சளக் சளக்கென்று, முதுகெல்லாம் சேறு தெறிக்க வருகிறார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். தெரிந்தவர் வீடு என்று ஒரு சலுகையும் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்து, அடித்தட்டை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அண்ணே, உங்க வீட்டுலதான் நெளியுது. என்னத்தப் பாக்குறீங்க?" மீனலோசனி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜபாண்டி நோட்டில் குறித்துக்கொண்டார்.

வெளியே போகும்போதுதான் அது நடந்தது. எங்கள் வீட்டு வாசல்படி கறுப்பு கிரானைட், நான் ஆசைப்பட்டுப் பாலிஷ் போட்டது. ராஜபாண்டி மேல்படியில் கால் வைத்தார். செருப்பு முன்னால் போயிற்று, ஆள் பின்னால் சாய்ந்தார். கீழ்ப்படியில் நின்ற செல்லக்கிளி திரும்பி அவர் கையைப் பிடித்து இழுத்தார். தொண்ணூறு கிலோ மனிதர், முழுப் பாரமும் அந்தம்மா மேல் வந்து விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது செல்லக்கிளி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பாதம் ஓர் அங்குலம் நகரவில்லை. ராஜபாண்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

ராஜபாண்டி குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"வலி எப்படி இருக்கு?"

"காலையில எந்திரிச்சா இன்னும் லேசா இருக்கு சார். நாலு அடி நடந்தா போயிருது. முன்ன மாதிரி இல்ல."

அவர் தலையாட்டினார். நோட்டைப் பிரித்து, நனைந்த தாளில் ஏதோ எழுதினார். "மார்கழி முடிய இந்த ஏரியா பூராவும் நீங்களே பாருங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "என்னைப் பிடிச்சத ஆபீஸ்ல சொல்லிறாதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செருப்பு விற்று எனக்குக் கண் கலங்கியது அன்றைக்கு ஒரு நாள்தான். நல்லதாக நாலு வார்த்தை அந்தம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வாசலுக்கு ஓடினேன். அதற்குள் அவர் பக்கத்து வீட்டுப் படியில் சாண்டலைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அக்கா, தொட்டி பாக்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.