மழை மாதத் தீர்மானம்

வேங்கிக்காலில் மாடி வாடகைக்கு எடுத்து நடக்கும் நிழல்கரை அறக்கட்டளையின் செயலாளர் சரசு. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அறங்காவலர் கூட்டங்களில் மினிட்ஸ் எழுதுவது அவள் வேலை. இதுவரை அதில் குறை சொன்னவர் இல்லை.

அன்று பேச வேண்டியது ஒரே ஒரு விஷயம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிவர ஒரு சென்னை நிறுவனம் நிதி கொடுத்திருந்தது. ஒரு பங்கு பயணத்துக்கு, ஒரு பங்கு ஊர்தோறும் சிறுநீரகப் பரிசோதனை முகாமுக்கு. மழைக்காலத்தில் முகாம் நடத்த முடியவில்லை. பஸ்ஸும் நின்றுபோனதால் ஆட்டோ நடை கூடியது. முகாம் பணம் ஆட்டோவுக்குப் போய்விட்டது.

கணக்கைத் தணிக்கை செய்த ஆடிட்டர் இளஞ்செழியன், நிதி எப்படிச் செலவானது என்று அந்த நிறுவனத்துக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னா, ஒரு செலவுத் தலைப்புலேருந்து இன்னொண்ணுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல மாத்தணும்னா முன்கூட்டி அவங்க எழுத்துல அனுமதி தரணும். இங்க ரொம்ப ஜாஸ்தியா மாறியிருக்கு. அனுமதி எங்கீங்க?"

தலைவர் ராஜமாணிக்கம் நிமிர்ந்தார். "முகாம் பணத்த ஆட்டோவுக்கு மாத்தலாம்னு போன கூட்டத்துலயே தீர்மானம் போட்டோமே. சரசும்மா, எடுத்துப் படிங்க."

சரசு மினிட்ஸ் நோட்டை எடுத்தாள். புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். மழை, பஸ், ஆட்டோ எல்லாம் இருந்தது. தீர்மானம் இல்லை.

"இல்லீங்க சார்."

"எப்டி இல்லாம போவும்? நான் சொன்னேன், பிரகாஷ் வழிமொழிஞ்சார்."

"ஆமா, நான் சொன்ன ஞாபகம் இருக்கு," என்றார் பொருளாளர் பிரகாஷ். "அக்கா எழுதாம வுட்டுட்டிருப்பாங்க."

சரசுவுக்குக் காது சூடானது. அன்று கரண்ட் போனது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியது, செல்போன் வெளிச்சத்தில் எழுதியது எல்லாம் நினைவிருக்கிறது. தலைவர் அதைச் சொன்னாரா? டீ குடித்துக்கொண்டு படியிறங்கும்போது சொன்னாரா? யோசிக்க யோசிக்க இரண்டுமே நடந்ததுபோல இருந்தது.

"திரௌபதி, உனக்கு?" என்று கேட்டாள். திரௌபதியின் கணவர் டயாலிசிஸில் இருப்பவர். நோயாளிகள் சார்பில் அவள் அறங்காவலர்.

"ஆட்டோவ நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்கக்கா. அது தீர்மானமா, சும்மா பேச்சான்னு எனக்குத் தெரியல."

ராஜமாணிக்கம் குரலைத் தணித்தார். "கீழ பாதிப் பக்கம் காலியா இருக்கும்மா. ஒரு வரி சேர்த்துடுங்க. நடந்தததானே எழுதப் போறீங்க."

சரசு பேனாவைத் திறந்தாள். நடந்ததுதானா? முப்பது வருஷம் வார்டில் கொடுத்த மருந்தை எழுதியவள். கொடுத்தோமா என்று சந்தேகம் வந்தால் எழுதமாட்டாள். பேனாவை மூடினாள்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க சார். போடலன்னும் சொல்லமாட்டேன், போட்டோம்னும் எழுதமாட்டேன்."

இளஞ்செழியன் மெதுவாகச் சொன்னார்: "நீங்க தீர்மானம் போட்டிருந்தாலும் உதவாது சார். அனுமதி அவங்ககிட்டேருந்து வரணும். அவங்களக் கேட்டீங்களா?"

பிரகாஷ் கழுத்தைத் தடவிக்கொண்டார். "மெயில் போட்டேன். பதில் வரல. வேணாம்னு சொல்லலயேன்னு செலவு பண்ணிட்டேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, அந்த ஆபீசர் வேலைய வுட்டே போயிட்டாராம்."

சரசுவுக்கு ஆறுதலா கோபமா என்று புரியவில்லை. இவ்வளவு நேரம் இல்லாத ஒரு வரிக்காக அவள் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தாள். அந்த வரி இருந்தாலும் பயனில்லையாம்.

அன்றைய மினிட்ஸில் அவள் இப்படி எழுதினாள்: முன் அனுமதி பெறாமல் தலைப்பு மாற்றிச் செலவானது. முந்தைய தீர்மானம் குறித்து உறுப்பினர்களுக்குள் தெளிவில்லை. நடந்ததை விளக்கிப் பில்களுடன் நிறுவனத்துக்கு எழுதுவது. அவர்கள் ஏற்காத தொகையை அறக்கட்டளை சொந்த நிதியிலிருந்து ஈடுகட்டுவது. "தெளிவில்லை" என்பதை ராஜமாணிக்கம் எடுக்கச் சொன்னார். சரசு எடுக்கவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாற்றத்தைக் குறிப்பிட்டே சான்று தருவதாக ஆடிட்டர் சொன்னார்.

அடுத்த மாதம் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. நோயாளி கையெழுத்து உள்ள ஆட்டோ பில்களை ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்து இல்லாதவற்றைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள்; கட்டும்வரை அடுத்த தவணை கிடையாது. கட்டினார்கள். ஆட்டோ ஓடியது.

ராஜமாணிக்கம் இன்றும் தீர்மானம் போட்டோம் என்றுதான் சொல்கிறார். சில நாள் சரசுவுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பாத்திரம் கழுவும்போது அவர் குரல்கூடக் கேட்கிறது. ஆனால் அது கூட்டத்தில் கேட்டதா, படிக்கட்டில் கேட்டதா என்பது மட்டும் பிடிபடவில்லை.