கால் பங்கு உரம்

கெலமங்கலம் ரோட்டு நர்சரியில் முனிலட்சுமி ஏழு வருஷம் வேலை பார்த்தவள். கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் தொட்டிச் செடிகள் எல்லாம் அவள் கையில் வளர்ந்தவைதான். மண்ணைக் கழுவி எடுத்துவிட்டு, சுட்ட களிமண் உருண்டைகளில் செடியை நிறுத்தி வளர்க்கும் வேலையையும் அங்கே முதலில் கற்றுக்கொண்டது அவள்தான். பீஸ் லில்லி என்கிற வெள்ளைப் பூச்செடி ஆறு தொட்டி அழுகிப்போன பிறகுதான் அது கைவந்தது.

அந்த வேலையைத் தான் கண்டுபிடித்ததாக ஓனரிடம் சொல்லிக்கொண்டான் சூப்பர்வைசர் பிரதாப். உண்மை என்றைக்காவது வெளியே வந்துவிடுமோ என்று பயந்தானோ என்னவோ, ஒரு நாள் அவள் பையிலிருந்து நாலு செடிக் கன்றுகளை எடுத்துக் காட்டி, திருடி என்று எல்லார் முன்னாலும் சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டான். அந்தக் கன்றுகளை வைத்தது யார் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதன் பிறகு ஓசூரில் வேறெந்த நர்சரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் பத்துத் தொட்டி வைத்து விற்றுக் காலம் தள்ளினாள்.

எட்டு மாசம் கழித்து பிரதாப்பே போன் செய்தான்.

"சிப்காட்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, அசெம்பிளி ஹால் பக்கத்துல மண்ணு இருக்கக் கூடாதுங்கறாங்க. நாப்பது பீஸ் லில்லி மாத்தணும். உரத்தண்ணிக்கு எவ்வளவு கலக்கறது?"

முதலில் போனை வைத்துவிடத்தான் நினைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "பாட்டில்லயே போட்டிருக்குமே. அதும்படி ஊத்துங்க."

பொய் இல்லை. பாட்டிலில் போட்டிருந்தது மண்ணில் நன்றாக வேர் பிடித்த செடிக்கான அளவு. மண்ணிலிருந்து எடுத்த செடிக்கு முதல் சில வாரம் வெறும் தண்ணீர்தான். தண்ணீருக்கேற்ற புது வேர் வந்த பிறகுதான் உரம், அதுவும் அந்த அளவில் கால் பங்கு. இதை அவள் சொல்லவில்லை. வேர்களில் ஒட்டியிருக்கும் மண்ணை ஒரு துளிகூட விடாமல் கழுவ வேண்டும் என்பதையோ, தொட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதையோ அவன் கேட்கவும் இல்லை. போனை வைத்த பிறகு அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அன்றைக்கு இரண்டு உருண்டை களி கூடுதலாகவே சாப்பிட்டாள்.

மூன்றாவது வாரம் அந்தக் கம்பெனியின் அட்மின் மேடம் ஜெயப்ரியா அழைத்தாள். நர்சரியில் இருந்த நாளில் அங்கே செடி மாற்றப் போகிறபோது பழக்கம்.

"அக்கா, செடியெல்லாம் கருகுது. நாத்தம் வேற. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

போனாள். இலை நுனிகள் காப்பித்தூள் நிறத்தில் காய்ந்திருந்தன. உருண்டைகளின் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. பிரதாப் ஒரு ஓரத்தில் கைகட்டி நின்றான்.

முனிலட்சுமி ஒரு செடியை அலுங்காமல் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "மோந்து பாருங்க."

வேர்கள் பழுப்பாக, கொழகொழவென்று அவன் விரலோடு வந்தன. இடுக்கில் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"மண்ணைக்கூடச் சரியாக் கழுவல. விளிம்பு வரைக்கும் தண்ணி, அதுல முழு உரம். இந்த வேலையை நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு கேள்விப்பட்டேனே."

ஜெயப்ரியா அவனைப் பார்த்தாள். "காப்பாத்த முடியுமாக்கா?"

"முடியும் மேடம். ஆனா திருடி கையை வெச்சா நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவாங்க. அன்னைக்கு என் பையில கன்னுங்களை யார் வெச்சதுன்னு இவரு இங்கயே சொல்லட்டும். ஓனருக்கும் போன் போட்டுச் சொல்லட்டும்."

அவன் ஜெயப்ரியாவைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். வேறு வழியில்லை. கன்றுகளை வைத்தது தான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டு ஓனருக்குப் போன் போட்டான். முனிலட்சுமி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். கடைசி வார்த்தை வரைக்கும் அங்கேயே நின்று கேட்டாள். அவன் மன்னிப்பு கேட்டான்.

அப்புறம் அவள் செடிகளிடம் உட்கார்ந்தாள். அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டினாள். மிச்ச மண்ணைக் குழாயடியில் கரைத்துவிட்டாள். உருண்டைகளை உப்பு போகும் வரை கழுவி, ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் செடிகளை நிறுத்தி, அடியில் மட்டும் வெறும் தண்ணீர் விட்டாள்.

முப்பத்தொன்று பிழைத்தன. ஒன்பது போய்விட்டன. அந்தக் கம்பெனியின் செடி வேலை இப்போது அவளுடையது. பிரதாப் இப்போது அந்த நர்சரியில் இல்லை. அவனைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அந்த ஒன்பதும் நர்சரியில் இருந்தபோது அவள் பிரித்து நட்டு வளர்த்த கன்றுகள். அவற்றைக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோனபோது, மொத்தமாகக் கொட்டாமல், ஒவ்வொன்றாகத்தான் போட்டாள்.