மூன்று வரி

லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தில் மெக்கானிக்குகளை வேலைக்கு அனுப்புவதும், அவசரத் தகவல்களைக் குறுஞ்செய்தியாகச் சுருக்குவதும் அவள் பொறுப்பு. அன்று காலை லிஃப்ட் தயாரித்த கம்பெனியிலிருந்து அலுவலகத்துக்கும் எல்லா மெக்கானிக்குகளுக்கும் நான்கு பக்க மின்னஞ்சல் வந்தது. முதல் பக்கம் முழுக்க மரியாதையும் வருத்தமும். விஷயம் மூன்றாம் பக்கத்தில்தான் தலை நீட்டியது: ஏழாம் மாடல் லிஃப்டுகளில் பிரேக் ஸ்பிரிங் உடையலாம்.

அங்கேயே மெக்கானிக்காக இருந்த அவளுடைய தம்பி அன்று பழுதுபார்க்கப் போயிருந்தது ஒரு ஏழாம் மாடலுக்கு. பரபரவென்று தட்டினாள்:

'ஏழாம் மாடல்: லிஃப்ட் கூரை மேல ஏறாதீங்க, குழிக்குள்ள இறங்காதீங்க. பிரேக் பிடிக்காம போகலாம்.
ஆளை இறக்கிட்டு, காலியா மேல்மாடியில நிறுத்தி, மெயினை அணைங்க.
பார்த்ததும் சரின்னு பதில் போடுங்க.'

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பிரேக்குன்னு எழுதாதீங்க. எவனாவது வாடிக்கையாளர்கிட்ட காட்டிட்டா நம்ம மானம் கப்பலேறிடும்."

"சார், உள்ள நிக்கிறவங்க உயிர் சார்."

"மெயில்ல எல்லாம் இருக்கே? பார்த்துப்பாங்க."

அவரே சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்: 'வணக்கம். ஏழாம் மாடல் குறித்துத் தயாரிப்பாளரிடமிருந்து முக்கிய அறிவிப்பு வந்துள்ளது. விவரங்களுக்கு மின்னஞ்சலைப் பார்க்கவும். நன்றி.' விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அனுப்பிவிட்டாள்.

தம்பி கட்டட வாசலில் அதைப் படித்தான். வணக்கத்தையும் நன்றியையும் பார்த்து, சம்பள உயர்வைத் தவிர மற்றதெல்லாம் அறிவிப்பாக வரும் என்று காவலாளியிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, போனைப் பையில் போட்டான். லிஃப்ட் கூரை மேல் ஏறி நின்றான். பிரேக் நழுவியது. காலி லிஃப்டை, அதைவிடக் கனமாக மறுபக்கம் தொங்கிய எதிர் எடை மேலே இழுத்தது. அவன் வலது கால் மேலே இருந்த விட்டத்துக்கும் லிஃப்ட் கூரைக்கும் நடுவில் சிக்கியது.

தகவல் வந்ததும், அவள் யாரையும் கேட்காமல் அந்த மூன்று வரியை எல்லோருக்கும் அனுப்பினாள். அடுத்தடுத்து 'சரி', 'சரி' என்று பதில்கள் வந்து விழுந்தன. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அனுமதியின்றி அனுப்பியதற்கு மறுநாள் மெமோவும் வந்தது. மேனேஜர் விசாரணைக்காரர்களிடம் நிதானமாகச் சொன்னார்: "நாங்க தகவல் கொடுத்தோம். அவர்தான் மெயிலைத் திறக்கல."

ஆஸ்பத்திரியில் தம்பி வலது கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தபடியே பேசினான்.

"ஏறாதேன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே அக்கா?"

"எழுதினேன்டா. அனுப்ப விடல."

"விடலையா? பட்டனை அமுக்கினது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.