நாற்பதாம் நாள் கூட்டம்

பள்ளிக்கூடக் கழிப்பறைப் பணம் எப்படிச் செலவானது என்று பார்க்கக் கூடிய கூட்டத்தில் முதலில் வந்தது குதிரை இறைச்சித் தட்டு. நாரின் ஊரில் எந்த நிர்வாகக் குழுவும் வெறும் வயிற்றோடு உட்காராது. புருல் அதைத் தொடாமல் குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள்.

புருல் அந்தப் பள்ளியின் நர்ஸ். கழிப்பறைப் பணத்தைக் கையாளும் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்குச் செயலாளரும் அவள்தான். கூட்டத்தில் பேசுவதை அவள் எழுத வேண்டும். அதில் தலைவரும் அவளும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். உறைபனியில் முற்றத்தைக் கடந்து பலகைக் கழிப்பறைக்குப் போகப் பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, நீர்க்கடுப்போடு பெண்பிள்ளைகள் அவளிடம்தான் வந்து அழுவார்கள். அவர்களுக்காகத்தான் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பணம் கொடுத்திருந்தது. இன்றுவரை ஒரு குழிகூட முழுசாகத் தோண்டியபாடில்லை.

இயக்குநர் எர்மெக் கணக்கை வாசித்தான். கழிவுநீர்த் தொட்டிக்கும் சூடேற்றும் குழாய்க்கும் ஒதுக்கியதில் பாதிக்கு மேல் 'மேற்பார்வை வாகன வாடகை' என்ற தலைப்புக்குத் தாவியிருந்தது.

"பத்து சதவீதத்துக்கு மேல மாத்தணும்னா முன்கூட்டியே அறக்கட்டளைக்காரங்க எழுத்துல சம்மதம் கொடுக்கணும். ஒப்பந்தத்துல இருக்கு. வாங்கினீங்களா?" என்றாள் புருல்.

"எஜே, ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று, அக்கா என்று அழைக்கும் மரியாதை குறையாமல், எர்மெக் சிரித்தான்.

"வண்டி யாரோடது?"

எர்மெக் அடுத்த தாளைப் புரட்டினான். வண்டி தலைவர் தொக்தோசுனின் மனைவியுடையது. ஊருக்கே தெரியும். சொந்த வீட்டு வண்டி என்றால் தலைவர் அதை முதலிலேயே அறிவித்துவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே போயிருக்க வேண்டும். அவரோ எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தாடியில் கொழுப்பு வழிந்தது.

"முதல்ல சாப்பிடும்மா," என்றார். "எல்லாத்துக்கும் வழி இருக்கு."

வழி எர்மெக்கின் கோப்பில் தயாராக இருந்தது. பிப்ரவரி பதினேழாம் தேதி போட்ட ஒரு கூட்டக் குறிப்பு. அன்றே குழு கூடி மாற்றத்தை ஏற்றதாம், அறக்கட்டளைக்குக் கடிதம் அனுப்பியதாம், பதில் வரவில்லையாம். குழு உறுப்பினர் ஐந்து பேரும் வந்திருந்ததாக எழுதி, தொக்தோசுன் கையெழுத்தும் போட்டாயிற்று. பாக்கி இருந்தது புருலின் கையெழுத்து மட்டும்.

தேதியைப் பார்த்தாள் புருல்.

"அன்னைக்கு சகின்பாய் இறந்த நாற்பதாம் நாள் சாப்பாடு. நாம எல்லாரும் அவர் வீட்லதானே இருந்தோம்! தொக்தோசுன் அண்ணே, குதிரையை அறுத்ததே நீங்கதான்."

சகின்பாய் இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். கழிப்பறைக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதியதும் அவர்தான்.

கணக்காளர் சபீரா தலையைக் குனிந்துகொண்டாள். எர்மெக் ஒரு நிமிடம்தான் திகைத்தான்.

"அட, அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு! கூட்டம் அங்கேயே நடந்துச்சுன்னு போடுங்க. அஞ்சு பேரும் இருந்தோமே. கூட்டத்துக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை சரியாப் போச்சு."

தொக்தோசுன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "சகின்பாயே கூட்டி வச்ச கூட்டம்! அவன் தடுக்கவா போறான்?"

புருல் அந்தக் குறிப்பைத் தள்ளி வைத்தாள். செத்தவனுக்காகப் போட்ட சோற்றைத் தின்றவர்கள், இப்போது அந்தச் சாவையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். இவர்களோடு ஒரே தட்டில் எத்தனை வருடம் கைவைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது தன் விரல்களே அவளுக்கு அருவருப்பாக இருந்தன.

பேனாவை எடுத்தாள். இன்றைய தேதியைப் போட்டு, பேசியதைப் பேசியபடியே எழுதினாள். எர்மெக் சொன்னது, தலைவர் சிரித்தது, வண்டி யாருடையது, எல்லாம். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா எழுதறே?" தொக்தோசுனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நடந்ததை. நீங்க கையெழுத்துப் போடலைன்னா, தலைவர் மறுத்தார்னு எழுதி அறக்கட்டளைக்கு அனுப்பறேன். வண்டிப் பணத்தைத் திருப்பிக் கட்டுங்க, அதையும் சேர்த்து எழுதறேன். தொட்டி கட்டிடலாம்."

"கட்டறதா? கனவு காணாதே." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இது அங்க போனா மிச்சப் பணமும் நிக்கும். கழிப்பறை வராது. அந்தப் பொண்ணுங்க மூஞ்சியில எப்படி முழிப்பே?"

அது பொய்யில்லை என்பதுதான் அவளைக் கொன்றது. பிள்ளைகளின் பங்கைத் தின்றுவிட்டு, அந்தப் பிள்ளைகளையே கேடயமாகப் பிடிக்கிறான் பாவி. புருல் செல்பேசியில் பக்கங்களைப் படம் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து அறக்கட்டளைக்கு அனுப்பினாள்.

மற்றவர்கள் சாப்பாட்டை முடித்துப் பிரார்த்தனைக்குக் கை ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டார்கள். புருல் கை ஏந்தவில்லை, எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வாரமே அறக்கட்டளை பணத்தை நிறுத்திவிட்டது. திங்கட்கிழமை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள்.

"எஜே, இந்தக் குளிர்லயும் வெளியிலதானா?"

"ஆமாம்மா. பணத்தை நிக்க வச்சது நான்தான்."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. புருல் கதவை அகலத் திறந்து வைத்தாள். பிறகு அந்தப் பணத்தைத் தின்றவர்கள் யார் யார் என்று, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, பேர் சொல்லிச் சொன்னாள்.