அனுபவம் இல்லை

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் அவளுக்கு மட்டும்தான் கம்ப்யூட்டர் தெரியும் என்று முதலாளி நம்பினார். கல்லூரியில் வேதியியலோடு ஒரே ஒரு கம்ப்யூட்டர் தாள் படித்திருந்தாள். அது போதுமானதாக இருந்தது. "கம்ப்யூட்டர்" என்று பெயரே விழுந்துவிட்டது.

லேப் உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டபோது, கம்பெனியின் இணையதளத்தில் விண்ணப்பப் பக்கத்தை அவள்தான் எழுதினாள். பெயர், போன் நம்பர். முன் அனுபவம் எவ்வளவு என்று தொட்டால் விரியும் ஒரு பட்டியல். எந்தத் தேதியில் சேர முடியும் என்று ஒரு கட்டம். தொட்டால் காலண்டர் திறக்கும். எல்லாவற்றுக்கும் கீழே, சான்றிதழ்களை ஏற்ற ஒரு பொத்தான். கோப்பு இரண்டு எம்பிக்கு மேல் போகக் கூடாது.

அண்ணியும் விண்ணப்பித்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வருடம் ஒரு பால் கம்பெனியின் லேபில் இருந்தவள், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். இப்போது அண்ணனுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் டிவி சத்தம் மட்டும் கூடியிருந்தது.

"நான் போட்டுத் தரட்டுமா அண்ணி?"

"நீ பக்கத்துலயே வராத. சிபாரிசுல வந்தவள்னு ஒரு பேச்சு வந்தா உனக்கும் கேவலம், எனக்கும் கேவலம். நான் யாருன்னு ஆபீஸ்ல மூச்சு விடக்கூடாது, சொல்லிட்டேன்."

அவள் மூச்சு விடவில்லை. அதிகம் பேசாத அவளுக்கு அது சுலபமான காரியம்தான்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி தன் அறையிலிருந்து கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர், இங்க வாம்மா. இந்தக் கூத்தப் பாரு."

திரையில் விண்ணப்பங்களின் வரிசை.

"அனுபவம் இல்லைன்னு போட்டவங்கள எல்லாம் ஒதுக்கிட்டேன். அதுல ஒண்ணு கைதவறித் திறந்துடுச்சு. பார்த்தா, ஆறு வருஷம் பால் டெஸ்டிங் பண்ணினதா சர்டிபிகேட்! ஃபார்ம்ல மட்டும் அனுபவம் இல்லையாம். ஒண்ணு பொய் சொல்லணும், இல்லேன்னா கவனம் கிடையாது. ஒரு கட்டத்த ஒழுங்கா நிரப்பத் தெரியாதவங்க நம்ம ரீடிங்க எப்படி எழுதுவாங்க?"

போனில் படம் எடுத்த சான்றிதழ். ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட படுக்கை விரிப்பு கொஞ்சம் தெரிந்தது. அதை நேற்றுத்தான் அவள் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

"ஒரு தடவ பார்த்துட்டு வரேன் சார்."

"பார்க்க என்ன இருக்கு? மூணு பேர நாளைக்கு வரச் சொல்லியாச்சு."

தன் இடத்துக்குப் போய், பக்கத்தில் யார் எப்போது அனுப்பினார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும் லாகைத் திறந்தாள். அண்ணி இரண்டு முறை அனுப்பியிருந்தாள். முதலாவது நிராகரிப்பு. சில நிமிடம் கழித்து அனுப்பியது ஏற்கப்பட்டிருந்தது. ஒதுக்கப்பட்டவர்களில் இன்னும் ஆறு பேருக்கு அதே மாதிரி இருந்தது.

தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நிரப்பினாள். அனுபவத்தில் 'மூன்று வருடத்துக்கு மேல்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். வேண்டுமென்றே ஒரு பெரிய கோப்பை ஏற்றி அனுப்பினாள். பக்கம் திரும்பி வந்தது. 'கோப்பு அளவு அதிகம்' என்று பொத்தானுக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி.  தேதி அப்படியே இருந்தது. கோப்பு மட்டும் இல்லை. அதைப் பக்கம் தானாகத் திரும்ப வைக்க முடியாது, பிரவுசர் விடாது. அது அவளுக்குத் தெரியும்.

பக்கத்தின் மேற்பகுதிக்குப் போனாள். பெயரும் இருந்தது. அனுபவப் பட்டியல் அதன் முதல் வரிக்குப் போயிருந்தது. 'அனுபவம் இல்லை.'

பெயரையும் தேதியையும் திரும்ப நிரப்ப நிரல் எழுதியவள், பட்டியலுக்கு எழுத மறந்திருந்தாள். பெரிய கோப்பைச் சோதித்தபோது சிவப்பு வரி வருகிறதா என்று மட்டும் பார்த்திருந்தாள். விண்ணப்பித்தவர்களும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். சின்னக் கோப்பாக மாற்றி, மறுபடி அனுப்பியிருப்பார்கள். மேலே எதற்குப் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

இப்போதுதான் படித்து முடித்தவர்கள் டைப் செய்த ஒரு பக்கத்தை ஏற்றினார்கள், அது சின்னது. பழைய காகிதச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள்தான் போட்டோ எடுத்தார்கள். ஆக, அனுபவம் உள்ளவர்களாகப் பொறுக்கி எடுத்து இல்லாதவர்களாக்கியிருந்தது அவள் எழுதிய பக்கம்.

 எழுந்து முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், நீங்களே ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்க."

"எனக்கே வேலை குடுக்கப் போறியா?"

சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். மூன்று வருடத்துக்கு மேல் என்று கொடுத்து, காலையில் எடுத்த சாம்பிள் பாட்டில்களின் போட்டோவை ஏற்றினார். சிவப்பு வரி வந்தது. "பெருசாம்" என்று முணுமுணுத்து, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சின்னப் படத்தை ஏற்றி அனுப்பினார்.

அவள் அவருடைய கம்ப்யூட்டரில் வரிசையைப் புதுப்பித்தாள். அவர் பெயர். பக்கத்தில், அனுபவம் இல்லை.

"அடப்பாவி. இந்தத் தொழில்லயே தலை நரைச்சவன்மா நான்."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒதுக்கி வைத்த அந்த விண்ணப்பத்தைத் திறந்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி டெஸ்டிங் கம்பெனில இருந்து பேசறேன். ஆறு வருஷ சர்டிபிகேட் அனுப்பியிருக்கீங்க. அனுபவம் இல்லைன்னும் போட்டிருக்கீங்களே?"

 அண்ணியின் குரல், வீட்டில் அவள் கேட்டே இராத பணிவோடு வந்தது.

"மன்னிச்சிடுங்க சார். சரியாத்தான் போட்டதா ஞாபகம். என் கவனக்குறைவா இருக்கும். வீட்டுல கொஞ்சம் பிரச்சினை, மனசு ஒரு நிலையில இல்ல சார்."

முதலாளி அவளைப் பார்த்தார். பேச வேண்டியது அவர் இல்லை என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"உங்க தப்பு இல்ல அண்ணி. நான் எழுதின பக்கத்துலதான் தப்பு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. போனில் 'டொக்' என்று சத்தம். அண்ணி வைத்துவிட்டாள்.

"அண்ணியா?" என்றார் அவர்.

"ஆமா சார்."

"அப்ப இவ்வளவு நேரம் நீ காட்டின வித்தை கம்பெனிக்காகவா, அண்ணிக்காகவா?"

"அண்ணிக்காகவும்தான் சார். ஆனா இதே மாதிரி இன்னும் ஆறு பேர் இருக்காங்க. அவங்க எனக்கு யாருமில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"ஆறு பேரையும் கூப்பிடு. உங்க அண்ணியையும் வரச் சொல்லு. லேப்ல மூத்தவர் கேள்வி கேக்கட்டும், நானும் தலையிட மாட்டேன். நீ அன்னைக்கு இந்தப் பக்கமே வராத. முதல்ல போய் அந்தப் பக்கத்தச் சரி பண்ணு."

சரிசெய்தாள். பட்டியலின் முதல் வரியை வெறுமையாக விட்டு, எதையாவது தேர்ந்தெடுத்தால்தான் அனுப்ப முடியும் என்று வைத்தாள். தேர்ந்தெடுத்தது இனி அழியாது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஐந்து பேர் வருவதாகச் சொன்னார்கள். ஆறாவது பெண், "நீங்க கூப்பிடலேன்னதும் ஒரு கடைல பில் போடச் சேர்ந்துட்டேன்மா. அட்வான்ஸும் வாங்கிட்டேன், இப்ப எப்படி விடுறது?" என்றாள். சரிங்க என்று சொல்லி வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான்தான் தப்ப ஏத்துக்கிட்டேனே. அதோட விட்டிருக்கலாம்ல? இப்ப வேலை கிடைச்சாலும் உன்னாலதான்னு ஆயிடுச்சு."

"கிடைக்கலேன்னாலும் என்னாலதான் அண்ணி."

உள்ளே அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது. கத்தி பலகையில் நின்றது.

"சேரற தேதி திங்கக்கிழமைன்னு போட்டிருந்தேன். அதாவது இருக்கா?"

"இருக்கு அண்ணி. தேதி அழியல."

அண்ணி இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.