மூன்றாம் படத்தின் வளைவு

சஞ்சிகையிலிருந்து வந்த அச்சுப்பிரதியில் ஒரே ஒரு குறைதான் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது படம் தெளிவில்லை, கோடுகளை மறுபடி கீறி நாளை மாலைக்குள் அனுப்பவும். அவ்வளவுதான். ஸில்மியா அதைக் கீற உட்கார்ந்தபோது காலை ஒன்பதரை. பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் யன்னலுக்கு வெளியே சம்மாந்துறை வயல்கள் பச்சையாக விரிந்து கிடந்தன. அந்த வயல்களையெல்லாம் தாண்டி வந்த கடற்காற்று கண்ணாடியில் ஈரமாகப் படிந்திருந்தது.

"திரும்பவும் படமா?" என்றார் ஆய்வுகூட உதவியாளர் ஸஹீத் நானா, கையில் பால் கலக்காத பிளேன்டியோடு. "ஒங்கட கலியாணக் கார்டுக்கும் இந்தப் படத்தத்தான் போடுவீங்க போல."

"போட்டா என்ன? வாறவங்களுக்கு விளங்கட்டும்."

"மாப்பிள்ளைக்கே விளங்கியிரிக்குமோ தெரியா."

அவள் சிரித்தாள். மாப்பிள்ளை றிபாத் அப்போது பக்கத்துக் கட்டடத்தில் முதலாம் வருடத்தினருக்குச் செய்முறை நடத்திக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே ஆண்டில் பட்டம் பெற்று, ஒரே துறையில் போதனாசிரியர்களாகி, ஒரே கட்டுரையை எழுதியவர்கள். அவன் முதல் பெயர், அவள் இரண்டாவது. நிகாஹ் அடுத்த மாதம். அதற்கடுத்த மாதம் பின்லாந்து. அங்குள்ள பேராசிரியர் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டுத்தான் றிபாத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் தந்திருந்தார். மின்தொடுகையில் தங்கத்துக்குப் பதிலாகச் செம்பு போதும் என்று நீங்கள் காட்டியிருக்கிறீர்கள், இதையே இங்கே மூன்று வருடம் தொடர்வோம் என்று எழுதியிருந்தார். மனைவியையும் அழைத்து வரலாம் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை ஸில்மியா எத்தனை தடவை வாசித்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

படம் மிக எளிமையானது. அவளுக்கு அதில் தனிப் பிரியம். மேலே புள்ளிக்கோடாக ஒரு நேர்கோடு, அதுதான் வெற்றிட மட்டம். ஒரு இலத்திரன் பொருளை விட்டு முழுவதுமாக வெளியேறி, அசையாமல் நின்றால் அதற்கு இருக்கும் சக்தி அது. இடது பக்கம் செம்பு. உலோகத்தில் இலத்திரன்கள் தொட்டியில் தண்ணீர் போல ஒரு மட்டம் வரை நிரம்பியிருக்கும், அது பெர்மி மட்டம். அங்கிருந்து புள்ளிக்கோடு வரை ஏற வேண்டிய உயரமே வேலைச் சார்பு. வலது பக்கம் அவர்கள் செய்த நாகவொட்சைட்டுப் படலம், ஒரு குறைகடத்தி. அதன் பெர்மி மட்டம் இலத்திரன்கள் இருக்க முடியாத ஓர் இடைவெளிக்குள் விழுகிறது. அதனால் இலத்திரன் ஓடித்திரியும் கடத்தல் பட்டையின் அடியிலிருந்து புள்ளிக்கோடு வரை இன்னொரு உயரத்தைக் குறிக்க வேண்டும். அது இலத்திரன் நாட்டம். மாசு சேர்த்தால் பெர்மி மட்டம் ஏறும், இறங்கும், வேலைச் சார்பும் மாறும். இலத்திரன் நாட்டம் அசையாது. அது அந்தப் பொருளின் குணம்.

இரண்டையும் தொடவிட்டால் இலத்திரன்கள் உயர்ந்த பெர்மி மட்டத்திலிருந்து தாழ்ந்ததற்குப் பாயும், இரண்டும் சமமாகும் வரை. பாய்ந்ததன் அடையாளமாகக் குறைகடத்தியின் பட்டை தொடுகைக்கு அருகில் வளையும். அவர்களது கணக்கில் செம்பு 4.6 இலத்திரன் வோல்ற்று, படலம் 4.8. ஆகவே இலத்திரன்கள் செம்பிலிருந்து படலத்துக்குப் போகும், பட்டை கீழ்நோக்கி வளையும். படலத்தின் இலத்திரன் நாட்டம் 4.7, செம்பை விடப் பெரியது. எனவே தடுப்பே இல்லை, மின்னோட்டம் இரு பக்கமும் தாராளமாக ஓடும். கட்டுரையின் உயிர் அந்தக் கீழ்நோக்கிய வளைவில் இருந்தது.

பெரிதாக்கிக் கீறும்போதுதான் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. செம்பின் 4.6 புத்தகத்திலிருந்து எடுத்தது. படலத்தின் 4.8 அவள் கையால் அளந்தது. இரண்டையும் ஒரே புள்ளிக்கோட்டில் தொங்கவிட்டிருக்கிறாள். அந்தக் கோடு இரண்டுக்கும் உண்மையில் ஒன்றுதானா?

அளந்த கருவிக்கு ஒரு குணம் உண்டு. அது வேலைச் சார்பை நேரடியாகச் சொல்லாது. அதன் தங்க முனை, அளக்கும் மாதிரிப் பொருளுக்கு மேலே அதிரும். முனைக்கும் மாதிரிக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் கருவி காட்டும். முனையின் சொந்தப் பெறுமானத்தை நாம் கொடுத்தால்தான் மாதிரியினது கிடைக்கும். கருவி வந்த அன்று, புத்தகத்தைப் பார்த்து 5.1 என்று அடித்தவள் அவள்தான். சுத்தமான தங்கத்துக்கு, வெற்றிடத்தில், அது சரி. இந்தக் கரையோரத்து ஈரக் காற்றில் மாதக்கணக்காக நின்ற தங்கத்துக்கு?

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கிராபைட்டுத் துண்டொன்றின் மேற்பரப்பில் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தாள். புதிதாக உரிந்த கிராபைட்டு காற்றிலும் பெரிதாக மாறாது, 4.5 காட்ட வேண்டும். கருவியில் வைத்தாள்.

4.9.

இன்னொரு தடவை உரித்தாள். 4.9. மூன்றாம் தடவையும் அதுதான். அப்படியானால் தங்க முனை 5.1 அல்ல, 4.7. காற்றிலுள்ள நீரும் அழுக்கும் அதை 0.4 இறக்கிவிட்டன. படலம் 4.8 அல்ல, 4.4. இலத்திரன் நாட்டம் 4.7 அல்ல, 4.3. கடதாசியை எடுத்துப் பென்சிலால் கீறினாள். இப்போது இலத்திரன்கள் படலத்திலிருந்து செம்புக்குப் பாய்கின்றன. பட்டை மேல்நோக்கி வளைகிறது. தொடுகையில் 4.6இலிருந்து 4.3ஐக் கழித்தால் 0.3 உயரத்தில் ஒரு தடுப்பு நிற்கிறது. மின்னோட்ட வரைபு ஏன் நேராக வராமல் ஒரு பக்கம் குனிந்தது என்பது அந்தக் கணமே விளங்கிற்று. செம்பு கறுத்ததால் என்று கட்டுரையில் ஒரு வரியில் அதைக் கடந்து போயிருந்தார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது ஒரு சந்தோஷம். அதை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டாள். ஆனால் வந்தது. ஒன்று சரியாகப் பொருந்தும்போது வருகிற சந்தோஷம். அடுத்த மூச்சில்தான் பின்லாந்து நினைவுக்கு வந்தது.

அளவீட்டைச் சேமிக்கக் கணினியில் கோப்புறையைத் திறந்தாள். அங்கே அவள் உருவாக்காத ஒரு கோப்பு இருந்தது. பெயர் கிராபைட்டு. உள்ளே மூன்று அளவீடுகள். 4.9, 4.9, 4.9. திகதி இரண்டு மாதத்துக்கு முந்தியது. அளந்தவர் என்ற இடத்தில் றிபாத்தின் பெயர்.

அவன் பன்னிரண்டு மணிக்கு வந்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "என்ன ஸில்மி, படம் முடிஞ்சா? லுஹர் தொழுகைக்கு முந்தி அனுப்பிட்டுச் சாப்பிடப் போவம்," என்றான்.

அவள் பென்சில் படத்தை மேசையில் அவன் பக்கம் தள்ளினாள். அவன் பார்த்தான். நின்றபடியே நெடுநேரம் பார்த்தான். ஸஹீத் நானா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்.

"ஓம்," என்றான் கடைசியில்.

"எப்ப தெரியும்?"

"பின்லாந்துக் கடிதம் வந்து நாலாம் நாள். ஒரு சந்தேகத்துல அளந்தன். மூணு தரம் அளந்தன்."

"எனக்கிட்ட ஏன் செல்லல்ல?"

"சென்னா நீங்க சஞ்சிகைக்கு எழுதிப் போட்டிருவீங்க." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "ஒங்களத் தெரியும் தானே எனக்கு."

"பிழை என்ட பிழை, றிபாத். 5.1 அடிச்சது நான். அத நீங்க செல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பன். அவ்வளவுதான்."

"அங்க போய்த் திருத்தலாம் எண்டு நினைச்சன். நல்ல கருவி இரிக்கி, வெற்றிடத்துல அளக்கலாம். வேற உலோகம் பாக்கலாம். கட்டுரை ஒண்டு வந்து கிடந்தா ஆருக்கு என்ன நட்டம்?"

"இங்க ஆராவது அதப் பாத்துச் செம்பு பூசுவாங்க. வேலை செய்யாது. தங்கட கையில பிழை எண்டு நினைப்பாங்க."

அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். "ஸில்மி. நாம ரெண்டு பேரும் போறதுக்கு உள்ள வழி இது. ஒரே வழி. ஒங்களுக்கும் சேத்துத்தான் வாயப் பொத்திட்டு இருந்தன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்காகவும்தான் செய்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்.

"போன மாசம் மூணாம் வருஷத்துக்கு நான் விரிவுரை எடுத்தன்," என்றாள். "இந்தப் படத்தத்தான் பலகையில கீறினன். கீழ வளைச்சு. நாங்களே கண்டுபிடிச்சது எண்டு பெருமையாச் சென்னன். நீங்க பின் வரிசை வாங்குல இருந்து பாத்துட்டிருந்தீங்க. முடிஞ்ச பொறவு நல்லா எடுத்தீங்க எண்டு சென்னீங்க."

அவன் தலை குனிந்தான்.

"நாப்பது புள்ளைகளுக்கு முன்னால என்னப் பிழையா நிக்க விட்டுட்டு, நல்லா எடுத்தீங்க எண்டு செல்ல ஒங்களுக்கு எப்பிடி மனம் வந்திச்சி?"

அவன் பென்சில் படத்தை எடுத்து, மறுபடி மேசையில் வைத்தான்.

"நான் எழுத மாட்டன்," என்றான். "கை வராது. நீங்க எழுதுங்க. தடுக்க மாட்டன்."

எழுதினாள். சஞ்சிகை ஆசிரியருக்கு, பின்லாந்துப் பேராசிரியருக்குப் பிரதியோடு. ஆங்கிலத்தில் ஆறு வரி. ஒப்பீட்டு முனையின் பெறுமானம் சோதிக்கப்படவில்லை, அந்தத் தவறு என்னுடையது. படலத்தின் இலத்திரன் நாட்டம் 0.4 குறைகிறது. செம்புத் தொடுகையில் தடுப்பு உண்டு. கட்டுரையை மீளப் பெறுகிறோம். இரண்டு மாதத்துக்கு முந்திய அளவீட்டைப் பற்றி அவள் எழுதவில்லை. எழுதாமல் விட்டது சரியா என்று இன்றும் அவளுக்குத் தெரியாது. புதிய படத்தை இணைத்தாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் வாசித்தான். ஒரு இடத்தில் விரல் வைத்தான். "இங்க 4.3க்கு வழு எல்லை போடல்ல. கூடக் குறைய 0.1."

அவள் சேர்த்தாள். அனுப்பினாள். இருவரும் சேர்ந்து திருத்திய கடைசி வரி அதுதான் என்று அப்போதே இருவருக்கும் தெரிந்திருந்தது.

"கலியாணம் வேணாம் எண்டு என்ட வாப்பாக்கிட்ட நான் கதைக்கட்டா, நீங்க கதைக்கிறீங்களா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரல் அத்தனை அமைதியாக இருந்ததை உணர்ந்தாள்.

"இடம் போனதாலயா?"

"இல்ல. இடம் போனா ரெண்டு பேரும் இங்கயே இருந்திருப்பம். எனக்கு அது போதும்." அவளால் அதற்கு மேல் முடியவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. முடியும் வரை இருவரும் அசையவில்லை. பிறகு அவன் எழுந்து கதவருகே போனான். நின்றான். ஏழு வருடமாக இந்தக் கதவால் போகும்போதெல்லாம் "வாறன் ஸில்மி" என்றுதான் சொல்லுவான். இன்று, தெரியாத ஒருவரிடம் விடைபெறுவதைப் போல முழுதாக, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான்.

ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அவள் சொல்லப் பார்த்தாள். அவன் செருப்புச் சத்தம் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிற்று. கடைசிப் படியும் முடிந்து முற்றத்து மணலில் கரைந்த பிறகுதான், அவன் மீது சாந்தி உண்டாகட்டும் என்று வெறும் அறைக்குள் அவளால் முணுமுணுக்க முடிந்தது.