யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் நடந்தது. திண்டிவனத்திலிருந்து தினமும் காலை ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள் கிருஷ்ணவேணி. கௌரவ விரிவுரையாளர், சுற்றுச்சூழல் அறிவியல் தாள் அவளுக்கு. எந்தப் பட்டப்படிப்பு என்றாலும் எல்லாப் பிள்ளைகளும் எழுதியே ஆகவேண்டிய தாள் அது. அதனால் கட்டுக் கட்டாக வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது நாள் காலைக் கட்டில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. பத்து மதிப்பெண் கேள்வி: பசுமை இல்ல விளைவை விளக்கி, ஓசோன் படலச் சிதைவிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது எனக் கூறுக.

பதில் நன்றாகத்தான் தொடங்கியது. சூரிய ஒளி காற்றைக் கடந்து தரைக்கு வருகிறது, தரை சூடாகிறது, அந்தச் சூட்டைத் தரை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்புகிறது, கரியமில வாயுவும் மீத்தேனும் நீராவியும் அதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அவள் ஓரத்தில் சரி போட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த பத்தியில் எல்லாம் குழம்பியிருந்தது. இந்த வாயுக்கள் மேலே போய் ஓசோன் கூரையை அரித்து ஓட்டை போடுகின்றன, அந்த ஓட்டை வழியாக வெயில் ஒழுகி உள்ளே வருகிறது, அதனால்தான் பூமி சூடாகிறது என்று எழுதியிருந்தது. வருஷா வருஷம் பார்க்கிற தவறுதான். சுழித்துவிட்டுக் கீழே வந்தாள்.

பதிலின் கடைசி வரி இப்படி இருந்தது: கொஞ்சம் இருங்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அதோடு பதில் முடிந்திருந்தது. கீழே பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தேர்வு அறையில் பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று நினைத்தாள். சில பேர் பயத்தில் எதையாவது எழுதி வைப்பார்கள். தாளை மூடி அடுத்ததை எடுத்தாள்.

இரண்டு தாள் தள்ளி அதே பதில் வந்தது. கையெழுத்து வேறு, சாய்ந்த, நெருக்கமான எழுத்து. கூரை, ஓட்டை, ஒழுகும் வெயில், பிறகு அதே வரி. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்த இடத்தோடு இதுவும் நின்றிருந்தது.

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அறையில் முப்பது பேர் குனிந்து திருத்திக்கொண்டிருந்தார்கள், வெளியே நல்ல வெயில். ஆனாலும் அறையின் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மதியத்துக்குள் அந்தக் கட்டில் அப்படி ஒன்பது தாள்கள் கிடைத்தன. ஒன்பதும் ஒன்பது கையெழுத்து. ஒரு தாளில் பேச்சுத் தமிழிலேயே, யாரோ கதவ தட்றாங்க என்று எழுதியிருந்தது. இன்னொரு தாளில் அந்த வாக்கியத்தைப் பாடத்தின் ஒரு பகுதி என்று எண்ணி அடிக்கோடே போட்டிருந்தது. கடைசியாகக் கிடைத்த தாளில் மட்டும் கதவு தட்டும் வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. கொஞ்சம் இடம் விட்டு, பேனாவை அழுத்தி எழுதியது.

சொன்னது தப்பு. ரெண்டும் வேற வேற.

முதன்மைத் தேர்வாளர் வேங்கடேசனிடம் ஒன்பது தாள்களையும் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள், எல்லாத் தாளையும் முறைகேடு என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றார். அப்படி எழுதினால் ஒன்பது பேருக்கும் முடிவு நிற்கும், விசாரணை வரும். கட்டில் பல கல்லூரித் தாள்கள் கலந்துதானே சார் வருது, ஒரே அறை என்று எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டாள். அவர் தாள்களை அடுக்கினார். நாளைக் காலைக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கடைசி வரியைப் படிக்காமல் தாளை மூடினார் என்பதை அவள் கவனித்தாள்.

சாப்பாட்டு வேளையில், வாசலில் ஒப்படைத்த கைபேசிகளை வாங்கிக்கொண்டு எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள். பக்கத்து மேசையில் திருத்தும் வெண்ணிலா இளவயசுக்காரி, பிள்ளைகளின் வழக்கங்கள் தெரிந்தவள். கிருஷ்ணவேணி அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். வெண்ணிலாவுக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போதெல்லாம் யாரும் புத்தகம் எடுப்பதில்லை, யாரோ ஒருவர் நடத்திய பாடத்தை, பேசுவதை எழுத்தாக்கும் ஆப்பில் போட்டு நோட்ஸ் ஆக்கிவிடுகிறார்கள், அது எல்லா வகுப்பு குரூப்பிலும் சுத்துகிறது, பிள்ளைகள் புரிகிறதோ இல்லையோ மனப்பாடம் பண்ணிக்கினு வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள் என்றாள். பிறகு கிருஷ்ணவேணி சொன்ன பதிலின் முதல் வரியை யூடியூபில் தேடினாள். உடனே வந்துவிட்டது. படம் எதுவும் இல்லை. கறுப்புத் திரை, ஒரு குரல்.

குரல் தொடங்கியதும் கிருஷ்ணவேணி எழுந்து நின்றுவிட்டாள்.

அது மாசிலாமணி சாரின் குரல். அவளோடு ஒரே துறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனார். அந்தச் சாவுக்கு யாராலும் போகமுடியவில்லை.

குரலில் மூச்சு வாங்கியது. ஒரு வாக்கியம், ஒரு இளைப்பு. முதலில் தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கூரை என்றார், ஓட்டை என்றார், ஒழுகுது என்றார். இந்தப் பாடத்தை இவர் ஒரு நாளும் தப்பாக நடத்தியதில்லை. கடைசியில், "கொஞ்சம் இருங்க. யாரோ கதவ தட்றாங்க" என்றார். செருப்புச் சத்தம் தூரப் போனது. அதற்குப் பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மின்விசிறியின் சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் ஓடியது என்று இருவருக்கும் தெரியவில்லை. அது நின்றபோது வெண்ணிலா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டும் வேற வேறன்னு இதுல எங்கயும் வரலியே," என்றாள் கிருஷ்ணவேணி.

வரவில்லை. இருவரும் இன்னொருமுறை கேட்டார்கள். இரண்டாம் முறை மின்விசிறிச் சத்தத்தை முடியும்வரை கேட்க வெண்ணிலாவுக்கு மனசில்லை.

சாயங்காலம் திண்டிவனத்தில் இறங்கியதும் கிருஷ்ணவேணி வீட்டுக்குப் போகாமல் மாசிலாமணியின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பிரபாவதி தனியாக இருந்தார். வாசலில் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலையை அள்ளிக்கொண்டிருந்தவர், இவளை அடையாளம் தெரிந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கிருஷ்ணவேணி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெதுவாகச் சொன்னாள்.

பிரபாவதிக்கு அந்தப் பதிவு தெரியும். கணவர் இறந்தபின் அவருடைய தங்கை மகன் செல்வகுமார், மாமா ஞாபகமாக இருக்கட்டும் என்று போனில் இருந்த எல்லாப் பாடத்தையும் ஏற்றிவிட்டானாம். ஒன்றையும் முழுதாகக் கேட்டிருக்கமாட்டான். இவரும் அந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் கேட்பதில்லை. கதவைத் தட்டியவர்கள் யார் என்று இவருக்குத் தெரியும்.

"ஆம்புலன்ஸ்காரங்கதான்மா. நல்ல காய்ச்சல். வர்ற வரைக்கும் படுங்கன்னு சொன்னா கேக்கல. பிள்ளைங்களுக்கு எக்ஸாம் வருது, ஒரு பாடம் பேசிட்டு வர்றேன்னு உக்காந்துட்டாரு. எனக்கும் பாசிட்டிவ், ரெண்டு பேரையும் ஒண்ணா ஏத்திக்கினு போனாங்க."

பிரபாவதி கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"வண்டியில முகமூடி போட்டுக்கினே ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. சொன்னது தப்பு, ரெண்டும் வேற வேறன்னு. ஆஸ்பத்திரியில அவரு ஒரு வார்டு, நான் ஒரு வார்டு. அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. எங்க ரெண்டு பேரையும்தான் சொல்றாருன்னு இத்தனை வருஷம் நினைச்சிக்கினு இருக்கேன். நான் என்ன தப்பா சொன்னேன், எதுக்குப் பிரிச்சிச் சொன்னாருன்னு."

ஒன்பதாவது தாளில் இருந்ததும் இதே வரிதான் என்பது கிருஷ்ணவேணிக்கு நினைவு வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தன் பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் சொன்னது எந்த இரண்டு என்பதை விளக்கினாள். ஓசோன் வெகு உயரத்தில் இருப்பது. குளிர்பதனப் பெட்டியில் இருந்த ஒருவகை வாயு மேலே போய், அங்கே உடைந்து, குளோரின் வெளிப்பட்டு ஓசோனை அழித்தது. படலம் மெலிந்தால் புற ஊதாக் கதிர் அதிகமாக இறங்கும், தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல். ஓட்டை என்பது பேச்சுக்குச் சொல்வது. பூமி சூடாவதற்கு அது காரணம் இல்லை. சூடு வேறு கதை. கரியும் பெட்ரோலும் எரித்த புகையில் சேரும் கரியமில வாயு, தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஓசோனைத் தின்ற வாயுவும் கொஞ்சம் வெப்பத்தைப் பிடிக்கும், அதனால்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். காய்ச்சலில் சாருக்கும் அப்படி ஆகியிருக்கும், வாயிலிருந்து வந்ததும் அவருக்கே தெரிந்திருக்கும் என்றாள்.

"அப்ப என்னைச் சொல்லல," என்றார் பிரபாவதி.

"இல்லக்கா. பாடத்தைத்தான்."

பிரபாவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. வண்டியில் இதை வேறு யாராவது கேட்டார்களா என்று கிருஷ்ணவேணி கேட்டாள். ஓட்டுநர் முன்னால் இருந்தார், பின்னால் இவர்கள் இருவர் மட்டும். இவரும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தன் பிள்ளைகளிடம்கூட.

மறுநாள் காலை கைபேசியை ஒப்படைக்கும் முன் வாசலிலேயே வேங்கடேசனைப் பதிவைக் கேட்கவைத்தாள். வெண்ணிலா தேடிக் கொடுத்த நோட்ஸையும் காட்டினாள். எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றை மனப்பாடம் பண்ணி எழுதியது முறைகேடு ஆகாது என்று அவர் ஒத்துக்கொண்டார். விடைக்குறிப்புப்படி முதல் பத்திக்கு நான்கு மதிப்பெண், குழம்பிய பத்திக்கு ஒன்றும் இல்லை. ஒன்பதாவது தாளுக்கு மட்டும் ஐந்து போட்டிருந்தாள். அந்த ஒன்று எதற்கு என்று கேட்டார்.

"ரெண்டும் வேறன்னு எழுதியிருக்கு சார். அது சரியான பதில்."

கேள்வியிலேயே வேறுபடுகிறது என்று இருக்கிறது, யோசிக்கிற பிள்ளை எவரும் கடைசியில் அதை எழுதியிருக்கலாம் என்று அவர் சொன்னார். அவளும் அப்படித்தான் நினைக்க முயன்றாள். தாளில் பெயர் கிடையாது, ஒரு மாற்று எண் மட்டும்தான். யார் எழுதியது, எந்த ஊர் என்று கேட்க வழியும் இல்லை, இருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள். வேங்கடேசன் கையெழுத்துப் போட்டுக் கட்டை அனுப்பிவிட்டார்.

முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிரபாவதி கூப்பிட்டனுப்பினார். பதிவை அழிக்க அவருக்கு மனமில்லை. மீதியை நீ பேசும்மா, தப்பை வெச்சிக்கினு அவரு நிக்கக்கூடாது என்றார். அவர் உட்கார்ந்து பேசிய அதே அறையில், அதே மின்விசிறியின் கீழே கிருஷ்ணவேணி பேசினாள். ஓசோன் எது, சூடு எது என்று நிதானமாகச் சொன்னாள். பேசும்போது நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். யாரோ தனக்கு முன்னால் மூச்சு வாங்குவதுபோல இருந்தது. பிரபாவதி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். செல்வகுமார் அதைப் பழைய பதிவின் கடைசியில் ஒட்டி மறுபடியும் ஏற்றினான்; அவள் குரலுக்குப் பிறகு அதில் எதுவும் இல்லை. பழைய நோட்ஸைப் படிக்கவேண்டாம் என்று மேலே எழுதியும் போட்டான்.

ஒரு வாரம் கழித்து அதற்குக் கீழே ஒரு பிள்ளை எழுதியிருந்ததை அவன் கிருஷ்ணவேணிக்கு அனுப்பினான். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண்கள்தான்.

"சார், நடுவுல பேசறது யாரு? மீதிப் பாடத்தையும் நீங்களே சொல்லுங்க. நாங்க கேட்டுக்கினுதான் இருக்கோம்."